கேட்காத சேனல்களும் அப்பாவின் ‘ஆமா’வும்

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல். ‘ஆமா.’

பசித்தாலும் ஆமா, வயிறு நிறைந்துவிட்டாலும் ஆமா. வேண்டும் என்பதற்கும் அதே சொல், வேண்டாம் என்பதற்கும் அதே சொல். மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஏதோ ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். நாம் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரியும். பதில் மட்டும் அந்த ஒரு சொல்லாகத்தான் வெளியே வரும். முதல் சில மாதங்கள் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பிறகு பழகிவிட்டது. சொல்லை விட்டுவிட்டு ஓசையைக் கேட்கக் கற்றுக்கொண்டேன். இழுத்துச் சொன்னால் அலுப்பு. வெட்டிச் சொன்னால் வேண்டாம். வேண்டாம் என்கிற ஆமாவுக்குத் தலை இடமும் வலமும் ஆடும், இடது கை காற்றைத் தள்ளும். வலது கை அசையாது.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம், அவர் இதற்கு முன் யாருக்கும் லேசில் ஆமாம் போட்ட மனிதர் இல்லை என்பதுதான். பொதுத்துறைத் தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை பார்த்தார். தொழிற்சங்கத்தில் பேச்சுவார்த்தைக்குப் போகும் நாலு பேரில் ஒருவர். நிர்வாகம் எதை நீட்டினாலும் முதலில் “இல்ல சார்” என்றுதான் ஆரம்பிப்பாராம். வீட்டிலும் அதே கதைதான். சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், பார்ப்பதற்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்று விதிமுறை வந்தபோது, அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க டிடிஎச் கம்பெனிக்காரர்களோடு போனில் மல்லுக்கு நின்றார். தமிழ்ச் செய்தி இரண்டு, கன்னடச் செய்தி ஒன்று, பழைய பாட்டு சேனல் ஒன்று, அம்மா அப்போது உயிரோடு இருந்ததால் அவளுக்காகச் சீரியல் சேனல் ஒன்று. இவ்வளவுதான் வேண்டும் என்றார். “பேக்கா எடுத்தா சீப் சார்” என்று அவர்கள் சொல்லச் சொல்ல, “பாக்காத சேனல் சீப்பா இருந்தா என்ன, காஸ்ட்லியா இருந்தா என்ன?” என்று கேட்டு, தான் நினைத்ததை நடத்திக்கொண்டுதான் போனை வைத்தார்.

அம்மா போன பிறகு விவேக் நகர் வீட்டில் நானும் அப்பாவும்தான். நான் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள நீலசந்திராவிலிருந்து ஒரு அக்கா வருவார். குளிக்க வைப்பது, மாத்திரை கொடுப்பது, கையைக் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்ய வைப்பது எல்லாம் அவர்தான். மற்ற நேரமெல்லாம் டிவி.

டிவி என்றால் சும்மா பொழுதுபோக்கு இல்லை. அந்தப் பழைய பாட்டு சேனல் ஓடும்போது ஒரு அதிசயம் நடக்கும். பேச வராத அப்பாவுக்குப் பாட வரும். அரை வரி, ஒரு வரி, சில சமயம் பல்லவி முழுவதும், சொல் சொல்லாக, தெளிவாக. பாட்டு முடிந்ததும் மறுபடி ஆமாதான். பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்ணிடம் சொன்னபோது, பாட்டு மூளையில் வேறு வழியாகப் போகிறது, நிறுத்தாதீர்கள், நிறையக் கேட்கட்டும் என்றார். ஆகவே எங்கள் வீட்டில் மாதத் தொடக்கத்தில் மாத்திரை வாங்குவதும் டிவிக்கு ரீசார்ஜ் போடுவதும் ஒரே வரிசையில் வரும் வேலைகள்.

ஒரு நாள் மதியம் வகுப்பில் இருக்கும்போது அக்காவின் போன் வந்தது.

“டீச்சர், டிவி நின்னு போச்சு. பேலன்ஸ் இல்ல, ரீசார்ஜ் பண்ணுங்கன்னு எழுத்து வருது. ஐயா ரிமோட்ட தூக்கி அடிச்சிட்டாரு.”

“போன வாரம்தானே போட்டேன்?”

“எனக்கென்ன தெரியும் டீச்சர். படம் வரல. அவ்ளோதான்.”

ஏதோ தவறு, நான்தான் குறைத்துப் போட்டிருப்பேன் என்று நினைத்து, இடைவேளையில் போனிலேயே மறுபடி ரீசார்ஜ் செய்தேன். டிவி வந்துவிட்டது. சில நாள்தான். மறுபடி கறுப்புத் திரை. இந்த முறை வழக்கமான மாதக் கட்டணத்தையே முழுதாகப் போட்டிருந்தேன். அது எங்கே போனது?

பள்ளி விட்டு வந்ததும் கம்பெனியின் ஆப்பைத் திறந்து பார்த்தேன். முன்கட்டணக் கணக்கில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழிப்பார்கள். அந்தத் தினசரிக் கழிவு நாலைந்து மடங்கு ஏறியிருந்தது. ஆங்கில விளையாட்டு சேனல்கள் ஒரு பேக். கார்ட்டூன் ஒரு பேக். ஆங்கிலப் படங்கள் ஒரு பேக். சமையல் சேவை என்று ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே, செட்டாப் பாக்ஸ் மாத வாடகை.

வாடகையா? அந்தப் பாக்ஸ் அப்பா பல வருஷம் முன்பு காசு கொடுத்து வாங்கியது. வாங்கிய பொருளுக்கு எதற்கு வாடகை என்று டிவிக்குக் கீழே பார்த்தபோதுதான் உறைத்தது. அங்கே இருந்தது அந்தப் பழைய பாக்ஸ் இல்லை. சின்னதாக, பளபளவென்று ஒன்று போன மாதமே வந்து உட்கார்ந்திருந்தது. “கம்பெனி ஆளு வந்து மாத்திட்டுப் போனாரு டீச்சர், ஃப்ரீயாம்” என்று அக்கா அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தார். ஃப்ரீ என்றதால் நானும் அதை அதோடு விட்டிருந்தேன். பழையதை அந்த ஆள் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பேக்கை எடுத்துவிடலாம் என்று ஆப்பில் தேடினேன். சேர்ப்பதற்கு ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெரிய பொத்தான் இருந்தது. எடுப்பதற்குத் தேடித் தேடி அழுத்தினால், வாடிக்கையாளர் சேவையை அழைக்கவும் என்று வந்தது. அழைத்தேன். கன்னடத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு என்று ஆரம்பித்து, புதிய சலுகைகள் எல்லாவற்றையும் நான் கேட்டு முடித்த பிறகு ஒரு பையனின் குரல் தமிழில் வந்தது.

“சொல்லுங்க மேடம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?”

“நாங்க கேக்காத பேக் எல்லாம் அக்கவுண்ட்ல ஏறியிருக்கு. பாக்ஸுக்கு வாடகை போட்டிருக்கீங்க. யார் கேட்டா இதெல்லாம்?”

கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம்.

“மேடம், லாயல் கஸ்டமர் ஆஃபர்ல பாக்ஸ் அப்கிரேட் பண்ணியிருக்காங்க. முதல் மாசம் எல்லாம் ஃப்ரீ. இப்ப அந்த ஃப்ரீ பீரியட் முடிஞ்சிடுச்சு, அதான் சார்ஜ் ஆகுது.”

“அதான் கேக்கறேன். யார் எடுத்தா?”

“கஸ்டமரேதான் மேடம். ரெஜிஸ்டர்டு மொபைல் நம்பருக்குக் கால் பண்ணி வாய்ஸ் கன்சென்ட் வாங்கியிருக்காங்க. சார் ஓகே சொல்லியிருக்காரு.”

அந்த எண் அப்பாவின் பட்டன் போனுடையது. கனெக்‌ஷன் அவர் பேரில்தான் இருக்கிறது. போன் அவர் தலையணைப் பக்கத்திலேயே கிடக்கும்.

“தம்பி, எங்க அப்பாவால பேச முடியாது.”

“பேசியிருக்காரே மேடம். கன்சென்ட் ‘யெஸ்’னு இருக்கு.”

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.  எனக்கு வந்தது சுத்தமான கோபம். “அந்த ரெக்கார்டிங்க எனக்குப் போட்டுக் காட்டுங்க” என்றேன். அது பாலிசியில் இல்லை என்றான். “அப்ப எல்லாத்தையும் எடுங்க” என்றேன். பேக்குகளை எடுக்கலாம், ஆனால் பாக்ஸ் திட்டத்தில் குறைந்தபட்சக் காலம் முடியும் வரை வாடகை போகும் என்றான். “உங்கள் புகாரைப் பதிவு செய்துவிட்டேன் மேடம்” என்று ஒரு நீளமான எண்ணைப் படித்தான். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று அதே குரலில் கேட்டான். திட்டிவிடலாம் போல் வந்தது. அவன் என்ன செய்வான், அவனுக்கு முன்னால் எழுதி வைத்ததைப் படிக்கிறான் என்று வைத்துவிட்டேன்.

அக்கா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

“டீச்சர், போன் வந்தது நெஜம். நான் துணி காயப் போட்டுட்டு இருந்தேன். ஐயாவே எடுத்துட்டாரு. ஆமா ஆமான்னு சத்தம் கேட்டுது. எப்பவும் சொல்றதுதானேன்னு இருந்துட்டேன். மறுநாள் அந்த ஆளு வந்து நின்னான். ஐயாவே ஒத்துக்கிட்டாரு, ஃப்ரீன்னான். ஐயா போன்ல ஒரு நம்பர் வரும், காட்டுங்கன்னான். காட்டினேன்.”

“உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லக்கா.”

“கார்ட்டூன் என் புள்ளைங்களுக்காக நான்தான் போட்டேன்னு நெனச்சுக்காதீங்க.”

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. பேக் போட்டவன் எங்கோ ஏசி அறையில் இருக்கிறான். இங்கே ஒரு பெண் தன்னைத் திருடி என்று நினைத்துவிடுவார்களோ என்று கைபிசைந்து நிற்கிறாள். அன்று இரவு சாப்பாட்டுக்கு முன் வைட்ஃபீல்டில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் செய்தபோது, அவன் முதலில் கேட்டதே அதைத்தான்.

“அந்த வேலைக்காரம்மா ரிமோட்ல எதையாவது அமுக்கியிருப்பாங்க. நல்லா விசாரிச்சியா?”

“அவங்க இல்லண்ணா. கம்பெனிக்காரங்க அப்பாகிட்ட போன்ல கேட்டு, அவர் ஆமான்னு சொன்னத வெச்சுப் போட்டிருக்காங்க.”

“சரி விடுமா. மாசம் கொஞ்சம் கூடப் போகுது, அவ்ளோதானே? நான் வருஷத்துக்குச் சேத்துப் போட்டு விட்டுடறேன். நீ லீவு போட்டு இதுக்கெல்லாம் அலையாத.”

“காசு இல்லண்ணா பிரச்சினை. அப்பா ஒத்துக்கிட்டாருங்கறாங்க. நம்ம அப்பா. ஒத்துக்கிட்டாராம்!”

 “நீ அப்படியே அவர மாதிரிதான்” என்றான். அது பாராட்டா குறையா என்று நான் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். “அப்பா, டிவி கம்பெனியில இருந்து யாராவது போன் பண்ணாங்களா?”

அவர் என்னையே பார்த்தார். பிறகு இடது கையை நீட்டிப் பட்டன் போனை எடுத்து, காதில் வைத்துக் காட்டினார். “ஆமா, ஆமா, ஆமா.” ஒவ்வொரு ஆமாவுக்கும் தலை பலமாக இடமும் வலமும் ஆடியது. போனைக் கட்டிலில் எறிந்தார். வாயைக் காட்டினார், கையை விரித்தார். கண் கலங்கிவிட்டது. போன் பண்ணியவர்களிடம் தன்னால் ஆன மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அது ஆமாம் என்று போய்ச் சேர்ந்ததும் தெரிந்து, மறுநாள் தன் பாக்ஸை ஒருவன் கழற்றிக்கொண்டு போவதையும் பார்த்துக்கொண்டு, அதை யாரிடமும் சொல்ல வழியில்லாமல் ஒரு மாதமாக அவர் படுத்திருந்திருக்கிறார்.

புகார் எண்ணுக்குப் பதில் வந்தது: வாடிக்கையாளரின் ஒப்புதல் சரிபார்க்கப்பட்டது, புகார் முடித்து வைக்கப்பட்டது. மறுபடி அழைத்தேன், மறுபடி ஒரு எண், மறுபடி அதே பதில். கம்பெனியின் இணையதளத்தில் அடியில், பொடி எழுத்தில், மேல்முறையீட்டுக்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு நோடல் ஆபீசர் உண்டு என்று போட்டிருந்தது. அவருக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். அப்பாவின் நிலைமைக்கு மருத்துவச் சான்றும் இணைத்தேன். பதில் வந்தது. கணக்கு அப்பாவின் பேரில் இருப்பதால் கணக்குதாரர் நேரில் வர வேண்டுமாம்.

பேச முடியாத, நடக்க முடியாத மனிதர் நேரில் வர வேண்டும். சரி, வருகிறோம் என்று எழுதினேன்.

லீவு போட்டேன். அக்காவும் நானுமாக அப்பாவை ஆட்டோவில் ஏற்றினோம். அவர் தானாகவே அலமாரியைக் காட்டி, வெள்ளைச் சட்டையை எடுக்கச் சொன்னார். பேச்சுவார்த்தைக்குப் போகும் நாட்களில் போட்டுக்கொள்ளும் சட்டை மாதிரி ஒன்று. ரிச்மண்ட் சர்க்கிள் நெரிசலைத் தாண்டி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தால், வாசலில் படிகள், சரிவுப் பாதை இல்லை. செக்யூரிட்டி ஓடி வந்து “பன்னி அஜ்ஜா, பன்னி” என்று, வாங்க தாத்தா என்று கன்னடத்தில் அழைத்து, ஒரு பக்கம் தோள் கொடுத்தார். அந்தக் கட்டிடத்தில் எங்களை வாங்க என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நோடல் ஆபீசர் மரியாதையான ஆள், நாற்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை. கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசினார். நானும் கன்னடத்திலேயே பேசினேன். நான் சொன்னதை எல்லாம் தலையசைத்துக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார்.

“நோடி மேடம், பாருங்க, சிஸ்டத்துல கன்சென்ட் கிளியரா இருக்கு. கஸ்டமர் ஒப்புக்காம நாங்க ஒரு சேனல்கூடப் போடக்கூடாது, ரூலே அப்படி. நாங்க ரூல மீறல.”

“அந்த ரெக்கார்டிங்க நீங்க கேட்டீங்களா?”

“கேக்க வேண்டியதில்ல மேடம். ‘யெஸ்’னு அப்டேட் ஆகியிருக்கு.”

“இப்ப போடுங்க. எல்லாரும் சேந்தே கேக்கலாம்.”

தயங்கினார். பிறகு, இதை இப்படியே முடித்துவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். ஸ்பீக்கரைத் திருகிவிட்டு மவுஸை அழுத்தினார்.

ஒரு பெண்ணின் குரல். பின்னால் நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல்.

“வணக்கம் சார். உங்க டிடிஎச் கனெக்‌ஷன் பத்திப் பேசறோம். நீங்க ரொம்ப வருஷமா எங்க கஸ்டமர், அதனால உங்களுக்குப் புது எச்டி பாக்ஸ் ஃப்ரீயா தர்றோம் சார். ஒரு மாசம் எல்லா பேக்கும் ஃப்ரீ. போட்டுடலாமா சார்?”

“ஆமா.” வெட்டின ஆமா. “ஆமா.”

ஆபீசர் என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார். “‘ஆமா’ அந்த்ரே ஹௌது தானே மேடம்?” ஆமா என்றால் யெஸ்தானே என்கிறார்.

“மேல கேளுங்க” என்றேன்.

“வெரிஃபிகேஷனுக்காக உங்க பேரு சொல்லுங்க சார்.”

“ஆமா.”

“பேரு சார். உங்க பேரு.”

“ஆமா... ஆமா.”

“இல்ல சார், நேம். பேரு என்ன?”

“ஆமா!”

இரைச்சலுக்கு நடுவில் அந்தப் பெண் வாய்க்குள் சிரித்தது கேட்டது. பிறகு அவள் வேறு யாரிடமோ, “பேரு கேட்டாலும் ஆமாங்கறாருங்க” என்றாள். ஒரு ஆண் குரல், கொஞ்சம் தள்ளி: “ஆமான்னுட்டாருல்ல? போட்டுடு.”

ஆபீசரின் கை மவுஸின் மேல் போனது. “நிறுத்தாதீங்க” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பக்கத்து மேஜைகளில் தலைகள் நிமிர்ந்தன.

“ஓகே சார், முதல் மாசத்துக்கு அப்புறம் பாக்ஸ் ரென்டலும் பேக் சார்ஜஸும் பேலன்ஸ்ல இருந்து கழியும், சம்மதம் தானே சார்?” இதை மட்டும் ஒரே மூச்சில், புள்ளி இல்லாமல் சொன்னாள்.

“ஆமா! ஆமா! ஆமா!”

அது என் அப்பா கத்துவது. தொண்டை கிழிய, மூச்சு வாங்க, வேண்டாம் என்று கத்துவது. பின்னால் கட்டில் கம்பியில் எதையோ தட்டும் சத்தம்.

“தேங்க்யூ சார். இந்த நாள் உங்களுக்கு இனிய நாளா அமையட்டும்.”

 அப்பா தன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் தன் குரலை வெளியிலிருந்து கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும். முகம் சிவந்தது. இடது கையை மேஜையில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. உட்கார்ந்தபடியே மேஜையை ஓங்கி அடித்தார். தலை இடமும் வலமும் ஆடியது. “ஆமா!” என்றார் ஆபீசரைப் பார்த்து. “ஆமா!”

இந்த முறை ஆபீசர் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை. எழுந்து நின்றார். “க்ஷமிசி சார்” என்று அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மனுஷன்தான். அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் மறுபடி உட்கார்ந்து கீபோர்டில் கை வைத்ததும் கம்பெனிக்காரர் ஆகிவிட்டார். எல்லா பேக்குகளையும் எடுத்துவிடுவதாகவும், பாக்ஸ் வாடகை இனி வராது என்றும், கழிந்த பணத்தைக் கணக்கிலேயே வரவு வைப்பதாகவும் சொன்னார். பழைய பாக்ஸ் கிடங்குக்குப் போய்விட்டது, திரும்பக் கிடைக்காது, புதியதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தார். மேலே தடித்த எழுத்தில் இருந்தது: நல்லெண்ண அடிப்படையில் வழங்கப்படும் சலுகை.

“இது என்ன சார் நல்லெண்ணம்?”

“அது ஸ்டாண்டர்டு வேர்டிங் மேடம்.”

“நீங்க எங்களுக்குத் தானம் பண்றீங்களா? எங்க காசத் திருப்பித் தர்றீங்க. கன்சென்ட் வாங்கலன்னு எழுதுங்க. அந்த ‘யெஸ்’ஸ ‘நோ’ன்னு மாத்துங்க.”

திரையில் ஒரு சின்னக் கட்டத்தை அழுத்திக் காட்டினார். காரணங்கள் வரிசையாக இறங்கின. வாடிக்கையாளர் மனம் மாறினார். வாடிக்கையாளருக்குத் தவறான புரிதல். நல்லெண்ணம். வேறு.

“அந்த ஆப்ஷனே இல்ல மேடம்” என்றார் சங்கடத்தோடு. “நம்ம தப்புன்னு போடறதுக்கு சிஸ்டத்துல இடமே இல்ல.”

எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள். சேர்ப்பதற்கு ஒரு பொத்தான். எடுப்பதற்கு ஒரு மாத அலைச்சல். ஏமாற்றியவர்கள் ஏமாற்றினோம் என்று ஒத்துக்கொள்வதற்கு மட்டும் உலகத்தில் ஒரு கட்டமும் கிடையாது. அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. அப்பாவும் அதைப் பார்த்துவிட்டுக் கையால் தள்ளினார். ரெக்கார்டிங்கை அழிக்கக் கூடாது, பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஆபீசரிடம் முத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

பணம் கணக்கில் வந்துவிட்டது. நான் கையெழுத்துப் போடாததால் அவர்கள் நல்லெண்ணம் ஒன்றும் குறைந்துவிடவில்லை போலிருக்கிறது. பதிவு செய்த எண்ணை என் எண்ணுக்கு மாற்றிக்கொண்டேன். ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதினேன். தனிநபர் புகார்களைத் தாங்கள் விசாரிப்பதில்லை, சம்பந்தப்பட்ட கம்பெனிக்கே அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. நுகர்வோர் உதவி மையமும் அதே கம்பெனிக்குத்தான் அனுப்பியது. எந்தப் பக்கம் கல்லை எறிந்தாலும் அது அந்த மேஜையில்தான் போய் விழுகிறது.

ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னபோது, கேட்டுக்கொண்டே இரண்டு மூன்று டீச்சர்கள் தங்கள் ஆப்பைத் திறந்தார்கள். கணக்கு டீச்சர் “அய்யோ, எனக்கு எதுக்குப் பெங்காலி சேனல்?” என்றார். ஸ்ரீராம்புரத்திலிருந்து வரும் எங்கள் ஆயாம்மா சொன்னது வேறு. அவருக்கு ஆப் கிடையாது. ரீசார்ஜ் கடையில் பணத்தைக் கொடுப்பார், டிவி வரும். சில மாதம் சீக்கிரம் நின்றுவிடும், அப்போது மறுபடி கொடுப்பார். “வெல ஏறிடுச்சுன்னு நெனச்சேன் மிஸ்” என்றார். ரீசார்ஜ் கடையில் அவர் காட்டும் டிடிஎச் கார்டு எண்ணை வாங்கிப் போட்டுப் பார்த்தோம். அவர் வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆங்கிலப் படங்கள் பேக் இருந்தது.

அவரிடம் யார் எப்போது சம்மதம் வாங்கினார்கள்? அவரும் எதற்கோ ஆமா என்று சொல்லியிருப்பார். சார் என்றும் மேடம் என்றும் அழைத்து, வேகமாக, ஃப்ரீ ஃப்ரீ என்று பேசினால் யார்தான் சொல்ல மாட்டார்கள்? பேச முடிந்தவர்களிடமே இப்படித்தான் வாங்குகிறார்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவது என்று முடிவு செய்தேன். வக்கீல் வேண்டாம், நாமே போடலாம் என்று தெரிந்ததும் நானே மனுவை எழுதினேன். நஷ்டஈடு எவ்வளவு வேண்டும் என்ற இடத்தில் வெகு நேரம் யோசித்தேன். பிறகு முதல் கோரிக்கையாக, என் அப்பா சம்மதித்தார் என்ற பதிவைத் திருத்த வேண்டும் என்று எழுதினேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். மனுவைப் படித்தான். நான் போனில் ஏற்கெனவே சொன்ன எதையும் கேட்காதவன் போல் முதலிலிருந்து படித்தான். அந்தப் பெண் சிரித்த இடம் வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

மனுதாரர் அப்பாதான். கையெழுத்து வேண்டும். கைரேகை வைத்தால் போதும் என்று அண்ணன் மை டப்பாவைத் திறந்தான். அப்பா அதைப் பார்த்து, “ஆமா” என்று தள்ளினார். வெட்டின ஆமா. அண்ணனுக்கே புரிந்துவிட்டது, டப்பாவை மூடினான். அப்பா பேனாவைக் கேட்டு வாங்கி, இடது கையில் பிடித்து, தாளை என்னை அழுத்திக்கொள்ளச் சொல்லிச் சைகை செய்து, தன் பெயரை எழுதினார். எழுத்து கோணல் மாணலாக, கோட்டைத் தாண்டி மேலே ஏறிப் போனது. ஆனால் படிக்க முடிந்தது.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். விசாரணைக்கு இன்னும் அழைக்கவில்லை. கம்பெனியின் கணினியில் என் அப்பா இன்றுவரை ஒத்துக்கொண்டவராகத்தான் இருக்கிறார்.